காற்று ஓய்ந்த ஆறு நிமிஷம்

பூந்தமல்லிப் பக்கம் நூம்பல்ல போய் வேம்புலி ஊடு எதுன்னு கேட்டீங்கன்னா, "எந்த வேம்புலி?"ன்னு உங்களையே திருப்பிக் கேப்பாங்க. அம்மன் பேரு, பாதி ஊருக்கு அதான் பேரு. "சினிமாவுல கழி புடிக்கிற வேம்புலி"ன்னு சொன்னாத்தான் கையை நீட்டிக் காட்டுவாங்க. காட்டும்போதே ஒரு சிரிப்பு வேற இருக்கும். கழி புடிக்கிறதெல்லாம் ஒரு பொழப்பான்னு ஊருக்கு எண்ணம். அவன் பொண்டாட்டி நாகம்மாவுக்கே அந்த எண்ணந்தான். "எங்க ஊட்டுக்காரரு துணி காயப் போடற கொம்ப தூக்கிகினு நிக்கிறாரு, அதுக்கு ஸ்டுடியோக்காரன் சம்பளம் தர்றான், இன்னாத்த சொல்ல"ன்னு குழாயடியில சொல்லிச் சிரிப்பா.

சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். அந்தக் கழியைப் பத்தி நான் சொல்றேன், கேளுங்க.

வேம்புலியோட அப்பன் அடுத்தவன் வயல்ல வரப்புக்கு அண்டை வெட்டினவன். மகனும் பதினெட்டு வயசு வரைக்கும் அதே வேலைதான். ஆள் ஆறடிக்கு மேல, கை ரெண்டும் முட்டியைத் தொடும். ஐம்பத்தெட்டுல வடபழனிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவுல பலகை சுமக்கிற கூலியாப் போனான். அங்க சவுண்டு எடுக்கிற பெரியவர் ஒருத்தர் அந்தக் கையைப் பார்த்துட்டு, மைக் கட்டின கழியைக் குடுத்து, "தலைக்கு மேல தூக்கிப் புடி. ஆடாம நில்லு"ன்னார். நின்னான். பதினாறு வருஷம் நின்னான்.

நிக்கிறதுன்னா சும்மா நிக்கிறது இல்லை சாமி! கழி நுனியில மைக். பேசறவங்க வாய்க்கு ரெண்டு முழம் தள்ளி, நெத்திக்கு மேல, படத்துல தெரியாத அளவுக்கு அது தொங்கணும். கொஞ்சம் இறங்கினா கேமராக்காரர் "மைக் உள்ள வருது"ன்னு கத்துவார். கொஞ்சம் ஏறினா குரல் கிணத்துக்குள்ள பேசற மாதிரி போயிடும். ஒருத்தர் பேசி முடிச்சு அடுத்தவர் வாயைத் திறக்கிறதுக்குள்ள மைக் திரும்பியாகணும், அதனால எல்லார் வசனமும் அவனுக்கு மனப்பாடம். கழி மேல விரல் நகர்ந்தா கர்ருன்னு கேக்கும், நகரக் கூடாது. இத்தனைக்கும், எடுத்த சத்தம் எப்படி வந்துச்சுன்னு அவனுக்குத் தெரியாது. காதுல மாட்டற போன் ஒண்ணே ஒண்ணு, அது மெஷின்கிட்ட உக்காந்திருக்கிற ரிக்கார்டிஸ்டுக்கு. அவர் முகத்தைப் பார்த்துத்தான் இவன் தெரிஞ்சுக்கணும்.

இதெல்லாம் செட்டுக்குள்ள. வெளிப்புறப் படப்பிடிப்புன்னா கழிக்கு வேலையே கிடையாது. காத்து, காக்கா, லாரி, ஆவடிப் பக்கத்து ஆகாய விமானம், எதை நிறுத்த முடியும்? அதனால வெளியில ஊமையா எடுத்துகினு வந்து, அப்புறம் இருட்டு ரூமுல உக்காத்தி வெச்சு, படத்தைத் திரையில ஓட்டி, வாய்க்கு ஏத்த மாதிரி பேசி ஒட்டிடுவாங்க. டப்பிங். எழுபத்திமூணு, எழுபத்திநாலு வாக்குல செட்டுக்குள்ள எடுக்கிற படத்துக்கும் அதுவே வழக்கமாகிட்டு வந்தது. வேம்புலியை வாரத்துல ரெண்டு நாள் கூப்பிட்டாலே பெரிசு.

அந்த நேரத்துலதான் பாஸ்கரன்னு ஒரு டைரக்டர் வந்தார். சின்ன வயசு, கறுப்பு வெள்ளைப் படம், கையில கொஞ்சூண்டு ஃபிலிம். ஃபாக்டரிக்கு நிலத்தை வித்துட்டு நடுத்தெருவுல நிக்கிற ஒரு குடும்பத்தோட கதை. அதை அந்த இடத்துலயே, அந்த ஜனங்க பேச்சுலயே எடுக்கணும், ஒரு வார்த்தை டப்பிங் கூடாதுன்னு பிடிவாதம். ரிக்கார்டிஸ்ட் சண்முகசுந்தரம், திருநெல்வேலிக்காரர், ஆவடி குவார்ட்டர்ஸ்ல அண்ணன் வீட்டோட இருந்தவர். அவர் நேரா வேம்புலியைத் தேடி நூம்பலுக்கே வந்தார். "வெளியிலதான் பூரா எடுக்கப் போறோம் வேம்புலி. காத்தை உன்னாலே சமாளிக்க முடியுமா?"

"காத்தா? நான் காத்துல நெல்லு தூத்துனவன் சார். நீ வா"ன்னுட்டான்.

சொன்னதோட நிக்கலை, ஒரு கூடு செஞ்சான். எலிப்பொறிக்குப் போடற கம்பி வலையை வாங்கி, தலையணை மாதிரி நீளமா சுருட்டினான். நடுவுல சைக்கிள் டியூபை வார் வாரா அறுத்துக் கட்டி, அந்த வாருல மைக்கைத் தொங்க விட்டான். கழி ஆடினாலும் அதிர்ச்சி மைக்குக்குப் போகாது. வலைக்கும் மைக்குக்கும் நடுவுல சுத்திலும் நாலு விரக்கடை இடம் விட்டான். வலை மேல, ஆவடிச் சந்தையில வாங்கின பழைய பட்டாளத்துக் கம்பளியைத் தெச்சுப் போர்த்தினான். காத்து கம்பளியில மோதி அங்கயே செத்துப் போகும், உள்ள இருக்கிற காத்து அசையாம நிக்கும், அசையாத காத்துல மைக் நிம்மதியாத் தொங்கும். ஒரு குறை இருந்துச்சு. கம்பளி தடிமன். "ச"வும் "ஸ"வும் கொஞ்சம் மழுங்கும். "போர்வைக்குள்ள இருந்து பேசற மாதிரி இருக்குவே"ன்னு சண்முகசுந்தரம் முனகுவார். ஆனா காத்து உள்ளே வராது, அதுக்கு அவரே சாட்சி.

படப்பிடிப்பு நூம்பலுக்கு மேற்கால, காஞ்சு கிடந்த ஏரிக்கரையில. கூட்டத்துக்கு ஆள் வேணும்னு சொன்னதும் வேம்புலி தன் தெரு ஜனத்தையே கூட்டிகினு போனான். அதுல பொன்னியம்மா ஒருத்தி. நாப்பத்தஞ்சு வயசிருக்கும், சூளையில செங்கல் சுமக்கிறவ. வேம்புலிக்கு யக்கா முறை. அவளுக்கு ஒரே மக, பேர் பேபி. பன்னெண்டு வயசுல மஞ்சக் காமாலையில போயிட்டா. போயி மூணு வருஷம். அதுக்கப்புறம் அந்தப் பேரைத் தெருவுல யாரும் அவ காதுபட சொல்றதில்லை, அவளும் சொல்றதில்லை.

முதல் நாளே சாப்பாடு போடறவன் சாம்பாரைத் தண்ணியா ஊத்தினான்னு பொன்னியம்மா அவனை ஒரு பிடி பிடிச்சா பாருங்க, டைரக்டர் தட்டை வெச்சுட்டு எழுந்து வந்துட்டார். "இந்தக் குரல்தாய்யா எனக்கு வேணும்"னார். அம்மா வேஷத்துக்குப் பேசி வெச்சிருந்த நாடக நடிகைக்கு அதோட டாட்டா. மெய்யாலுமே அது சாதாரணக் குரல் இல்லை. அடியில கரகரப்பு, மேல போகப் போக ஈயத்தைக் காச்சி ஊத்தின மாதிரி ஒரு சூடு.

கதையில அம்மாவோட மக செத்துப் போறா. நிலத்துல வந்து குந்தி, செத்த மககிட்ட அவ பேசணும். மூணு நிமிஷப் பேச்சு. மகளோட பேரு காகிதத்துல வேற என்னமோ எழுதியிருந்தது. ஒத்திகையில பொன்னியம்மா கேட்டா: "எம் மவ பேரை சொல்லிக்கட்டா சார்? பேபின்னு?" பாஸ்கரன் ஒரு நொடி கூட யோசிக்கலை. "சொல்லுங்கம்மா"ன்னார்.

அன்னைக்கு சாயங்காலம் ஊட்டுக்குப் போற வழியில அவ வேம்புலியைப் புடிச்சு நிறுத்தினா. "நெசமா சொல்லு. நான் பேபின்னு கூப்புட்டா அது சினிமா கொட்டாயில கேக்குமா? எங்குரல்லயே கேக்குமா?"

"உங்குரல்தாங்க்கா. கழி எங்கைல கீது. நான் பொறுப்பு."

"அல்லாரும் கேப்பாங்க இல்ல? அவ பேரு?"

"அல்லாருந்தான்."

அவ அழலை. முந்தானையை உதறி இடுப்புல செருகிகினு போனா. சூளைக்கு ரெண்டு நாள் லீவு போட்டா, மூணு வருஷத்துல மொத லீவு.

ஆடி மாசம். ஆடிக் காத்து தெரியுமில்லை? காலையில ஒன்பது மணிக்கே மேல்காத்து புழுதியை வாரி அடிச்சுது. வேம்புலி அசரலை. மேற்குப் பக்கம் சவுண்டு வேனைக் குறுக்கால நிறுத்தச் சொன்னான். வேனுக்குப் பக்கத்துல நாலு ஓலைத் தட்டி, அது மேல தார்ப்பாய். பொன்னியம்மாவை அதுக்கு முதுகைக் காட்டி, கிழக்கே பார்த்து உக்கார வெச்சாச்சு. கேமரா கிழக்கால. அது கர்ர்ருன்னு ஓடற சத்தம் மைக்ல விழக் கூடாதுன்னு பெட்டிக்கு மேல ரெண்டு ரஜாய் வேற. வேம்புலி எப்பவும் போல சட்டையைக் கழட்டிட்டு நின்னான், காத்துல சட்டை படபடத்தா அதுவும் மைக்ல விழும்னு.

இருந்தும் சண்முகசுந்தரம் முடியாதுன்னு தலையாட்டிட்டார். "கூடு இருக்கிறதால டொம் டொம் இல்லை. ஆனா தார்ப்பாய் அடிச்சுக்குது, ஓலை சலசலங்குது. இவங்க அடிக் குரல்ல பேசற இடமெல்லாம் அதுல முங்கிப் போகுது."

அப்பத்தான் வேம்புலி தனக்குத் தெரிஞ்சதைச் சொன்னான். எல்லார் முன்னாடியும், கொஞ்சம் நெஞ்சை நிமித்திகினுதான் சொன்னான். "ஒன்ற மணிக்கு மேல பாரு சார். மேல்காத்து அடங்கும். கடல்காத்து இங்க வந்து சேர நேரம் ஆவும். நடுவுல கால் மணி நேரம் ஒரு எலை அசையாது. களத்துல நெல்லு தூத்தறவனுக்கு அந்த நேரம் பேஜாரு, நமக்கு அதான் தங்கம்."

காத்துக் கிடந்தாங்க. ஒன்னரை ஆச்சு, ஒன்னே முக்கால் ஆச்சு. ஒன்னு ஐம்பதுக்கு தார்ப்பாய் தொங்கிப் போச்சு. புழுதி அப்படியே இறங்கிச்சு. அந்த வெட்டவெளியில ஒரு சத்தம் இல்லை. டைரக்டர் வேம்புலியைப் பார்த்துக் கும்பிட்டார், விளையாட்டுக்கு இல்லை. பதினாறு வருஷத்துல ஒரு டைரக்டர் அவனைப் பார்த்துக் கும்பிட்டது அதான் முதல் தடவை. பாவி மனுஷனுக்குத் தலை கிறுகிறுத்துப் போச்சு.

சண்முகசுந்தரம் போனைக் காதுல வெச்சுகிட்டு, "காத்துதான் இல்லையே. கூட்டைக் கழட்டிடலாமா? குரல் பளிச்சுனு வரும்"னு கேட்டார். "ஆனா பாத்துக்க. நடுவுல வந்துடாதே?"

"வராது சார். கால் மணி நேரம் நிக்கும். நான் சொல்றேன்."

கூட்டைக் கழட்டி தரையில வெச்சான். மைக் மட்டும் அம்மணமாத் தொங்கிச்சு. சண்முகசுந்தரம் கேட்டுட்டு, "ஆஹா"ன்னார். பொன்னியம்மா மூச்சு விடறது கூடக் கேக்குதாம்.

எல்லாம் தயார். அப்ப பார்த்து கேமரா அசிஸ்டன்ட், உள்ளே ஃபிலிம் ஓடற சந்துல ஒரு தூசு மாட்டிகினு இருக்குன்னான். பெட்டியைத் திறந்து, துடைச்சு, மறுபடி ரஜாய் போர்த்தி, நாலு நிமிஷம் போச்சு. வேம்புலி கிழக்கே தூரத்துல நின்ன மூணு பனைமரத்தைப் பார்த்துகினே இருந்தான். கால் மணின்னு சொன்னோமே, எல்லா நாளும் கால் மணி நிக்குமா? சில நாள் அஞ்சு நிமிஷத்துல வந்துடாதா? வரும்னு அவனுக்குத் தெரியும். சின்ன வயசுல களத்துல பார்த்திருக்கான். கூட்டைத் திருப்பி மாட்ட ரெண்டு நிமிஷம் போதும். கிழக்குப் பக்கம் ஒரு தட்டி கூட இல்லை, மறைப்பு பூரா மேற்கால. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், "சார், கூட்டை மாட்டிக்கறேன்"னு. ஆனா இப்பத்தானே அத்தனை பேர் முன்னால நெஞ்சை நிமித்தினான்? அதுக்குள்ள மாத்திப் பேசினா இன்னா நினைப்பாங்க? வாயை மூடிகினு கழியைத் தூக்கினான்.

மெஷின் ஓடிச்சு. கேமரா ஓடிச்சு. கிளாப் கட்டை தட்டினாங்க.

பொன்னியம்மா நடிக்கலைங்க. மண்ணைக் கையில அள்ளிகினு, "இந்த வருசம் மல்லாட்ட நல்லா காச்சிகீதுடி, வறுத்துத் தரலாம்னு பாத்தேன், துன்றதுக்கு நீ இல்லியே"ன்னு ஆரம்பிச்சா. வேம்புலி எட்டடி தள்ளி நின்னான், கை தலைக்கு மேல, வேர்வை கண்ணுக்குள்ள. காகிதத்துல இருந்த வசனமே இல்லை அது. வசனம் தெரியாததால அவன் அவ வாயையே பார்த்து மைக்கை நகர்த்தினான். ரெண்டு நிமிஷம் ஆச்சு. குரல் இறங்கி இறங்கி தரையோட தரையாப் போச்சு. அந்த இடத்துல, எங்கேயோ அடி வயித்துல இருந்து எழும்பி வர்ற மாதிரி, அவ கூப்பிட ஆரம்பிச்சா.

பனை ஓலை அசைஞ்சுது.

வேம்புலி பார்த்துட்டான். மூணு மரமும் ஒண்ணா அசைஞ்சுது. கடல்காத்து. அது ஏரியைத் தாண்டி இங்க வர எத்தினி நொடி? அவனுக்குக் கத்தணும் போல இருந்தது. ஆனா ஷாட் ஓடும்போது கழி புடிக்கிறவன் வாயைத் திறக்கக் கூடாது. சவுண்டு சரியில்லைன்னு நிறுத்தற உரிமை ரிக்கார்டிஸ்டுக்கு மட்டுந்தான். பதினாறு வருஷம் ஊறின பழக்கம் அது, நாக்கு எழும்பலை. முதுகைக் கிழக்கே காட்டி மறைச்சுப் பார்த்தான். மைக் எங்க, முதுகு எங்க? சில்லுனு காத்து அவன் விலாவைத் தொட்டுது. அதே நொடியில பொன்னியம்மா, "பேபீ..."ன்னா. ஒரு தரம் இல்லை, மூணு தரம். மூணு தரமும் காத்து நேரா மைக் வாயில அடிச்சுது.

"கட்!" பாஸ்கரன் கண்ணைத் துடைச்சுகினு ஓடிப் போய் அந்தம்மா கையைப் புடிச்சுகிட்டார். கேமராக்காரர் அழுதுகினு இருந்தார். வேம்புலி யாரையும் பார்க்கலை, சண்முகசுந்தரம் முகத்தை மட்டுந்தான் பார்த்தான். அவர் போனைக் கழட்டி மடியில வெச்சுட்டு, மெஷினையே குனிஞ்சு பார்த்துகினு இருந்தார். அது போதும். இவனுக்குத் தெரிஞ்சுபோச்சு.

"நிறுத்தியிருக்கணும் நான். மீட்டர் முள்ளு கடைசி வரைக்கும் போய் முட்டிகிட்டு நின்னுது. எனக்கு மனசு வரலை, வேம்புலி"ன்னார். ஓட்டிக் காட்டினார். முதல் ரெண்டு நிமிஷம் சுத்தமோ சுத்தம். அப்புறம் டொம், டொம், டபடபடபன்னு யாரோ முரசு மேல மண்ணைக் கொட்டற மாதிரி. அதுக்குள்ள ஒரு பொம்பளை எங்கயோ கத்தறா. இன்னா கத்தறான்னு புரியலை.

"அடிச் சத்தத்தை மட்டும் வெட்டி எறிய முடியாதா சார்? மெஷின்ல அதுக்கு ஒரு திருகு கீதே?"

"அது இரைச்சலுக்குத்தான். இது அளவுக்கு மிஞ்சி அடிச்சதுல குரலே நொறுங்கிப் போச்சு. நொறுங்கினதை எந்தத் திருகும் ஒட்டாது."

செய்யாத வைத்தியம் இல்லை. கூட்டை மாட்டிகினு ரெண்டாவது தரம் எடுத்தாங்க. கூடு காத்தை நல்லாவே தடுத்துது, பாழாப்போன கூடு! ஆனா பொன்னியம்மாகிட்ட ஒண்ணும் மிச்சமில்லை. தொண்டை கட்டி, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி பேசினா. காருக்குள்ள உக்கார வெச்சு, கண்ணாடியை ஏத்தி, சுத்திலும் போர்வையைத் தொங்க விட்டு, குரலை மட்டும் தனியா எடுத்துப் பார்த்தாங்க. "பேபி, பேபி"ன்னு நாலு தரம் சொல்லிட்டு, "போதுமா சார்?"னு கேட்டா. மறுநாளும் வந்தா. அன்னைக்கும் அந்தக் குரல் வரலை. படத்துக்கு முதல் தரம் எடுத்ததுதான்னு டைரக்டர் முடிவு பண்ணிட்டார். அந்த முகத்தை விட யாருக்கு மனசு வரும்?

அப்ப குரல்? டப்பிங்தான்.

ரெண்டு மாசம் கழிச்சு பொன்னியம்மாவைக் கோடம்பாக்கத்துக்குக் கூட்டிகினு போனதும் வேம்புலிதான். இருட்டு ரூமுல திரையில அவ முகம் வந்துது. மண்ணை அள்ளிகினு குந்திகினு, வாய் அசையுது, சத்தமில்லை. "வாய் அசையறப்ப நீங்க பேசணும்மா"ன்னாங்க. அந்தத் துண்டையே திரும்பத் திரும்ப ஓட்டினாங்க. பொன்னியம்மா திரையையே பார்த்துகினு நின்னா. ஒரு வார்த்தை வரலை. இருபது தரம் ஓட்டினாங்க. கடைசியில, "நான் இப்டியா இருந்தேன் அப்போ?"ன்னு மட்டும் கேட்டுட்டு வெளியே வந்து படியில உக்காந்துட்டா.

பார்வதம்னு ஒரு அம்மா, நூறு படத்துக்குக் குரல் குடுத்தவங்க. அவங்க வந்தாங்க. முழுசாக் கேட்டாங்க, ரெண்டே தரத்துல பேசி முடிச்சாங்க. குத்தம் சொல்ல ஒண்ணுமில்லை, நல்லாத்தான் பேசினாங்க. அதுல டப்பிங் பார்த்துக்கிறவர் ஒரு திருத்தம் செஞ்சார். "பேபி"ன்னா பங்களா வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கு, கிராமத்துக் கதைக்கு ஒட்டலை. உதடு ரெண்டு தரம் ஒட்டிப் பிரியுது, "பாப்பா"ன்னு போட்டா வாய்க்கு அச்சா பொருந்தும்னார். பாஸ்கரன் சண்டை போட்டார். படம் வெளியே போகணும்னு பணம் போட்டவங்க அவர் வாயை அடைச்சாங்க. பாப்பான்னு ஆச்சு.

இது எதுவும் பொன்னியம்மாவுக்குத் தெரியாது. சொல்ல வேண்டியவன் வேம்புலி. இன்னைக்கு சொல்லலாம், நாளைக்கு சொல்லலாம்னு தள்ளிப் போட்டான், கோழை! படம் பூந்தமல்லிக் கொட்டகைக்கு வந்த அன்னைக்கு நூம்பலே கிளம்பிப் போச்சு. பொன்னியம்மா மஞ்சப் புடவை கட்டிகினு முன்னாடி வரிசையில உக்காந்தா. அவ முகம் திரையில வந்ததும் ஜனம் விசிலடிச்சுது. மத்த காட்சியிலெல்லாம் அவ குரலே இருந்துது, கூடு காப்பாத்தின குரல். அந்தக் காட்சி வந்துது. பார்வதத்தோட குரல்ல, "பாப்பா... பாப்பா..."

கொட்டகை பூரா மூக்கைச் சிந்திச்சு. நாகம்மா தேம்பித் தேம்பி அழுதா. "இன்னாமா பேசிகீறே யக்கா"ன்னு தெருப் பொம்பளைங்க பொன்னியம்மா தோளைக் கட்டிக்கினாங்க. ஒருத்தருக்குக் கூட வித்தியாசம் தெரியலை. இடைவேளையில அவ வேம்புலிகிட்ட வந்தா. கோவமா வந்திருந்தா கூடத் தேவலை.

"பேபின்னு தானே வேம்புலி நான் சொன்னேன்?"

"ஆமாக்கா."

"அது எங்க?"

"டேப்புல கீது. நீ கூப்டது அப்டியே கீதுக்கா. காத்து கொஞ்சம் அடிக்கும், ஆனா கீது. நான் மெஷினோட எட்தாந்து உனக்குப் போட்டுக் காட்றேன்." ஒரு வாக்கு குடுத்துக் கெட்டது போதாதுன்னு இன்னொன்னு!

அடுத்த ஞாயித்துக்கிழமை ஆவடிக்குப் போனான். சண்முகசுந்தரம் துண்டோட வாசல்ல நின்னுகினு இருந்தார். விஷயத்தைச் சொன்னான். "உள்ளே வா"ன்னார். டேப் பெட்டியை எடுத்து மெஷின்ல மாட்டினார். ஒரு கோயில் மணி, கூட்டச் சத்தம், மேளம். வேற ஏதோ படத்துக்கு எடுத்தது.

"டேப் கிடைக்கிறதே குதிரைக் கொம்பு, உனக்குத் தெரியும். படம் முடிஞ்சதும் அழிச்சு அடுத்ததுக்கு எடுத்துக்கிறதுதானே வழக்கம். நல்லா வந்ததை ஃபிலிமுக்கு மாத்திக்கிட்டோம். இது உதவாததுன்னு ஒதுக்கினது."

"ஓரத்துல எங்கயாச்சும்?"

"இல்லை, வேம்புலி."

நூம்பலுக்கு அவன் நடந்தே வந்தான், அத்தனை மைல். தெருவுல நுழையும்போதே பொன்னியம்மா ஊட்டு வாசல்ல பாய் விரிச்சு நாலஞ்சு பொம்பளைங்க உக்காந்திருந்தது தெரிஞ்சுது. மெஷின் வைக்க எங்கிருந்தோ ஒரு ஸ்டூல் கொண்டாந்து, மேல துணி விரிச்சு வெச்சிருந்தா. கையை வீசிகினு வர்றவனைப் பார்த்ததும் எழுந்துட்டா.

"அழிச்சிட்டாங்க்கா"ன்னான். அதோட விடலை. அவ்ளோ நாள் வாய்க்குள்ள வெச்சிருந்ததையெல்லாம் கொட்டிட்டான். கூட்டைக் கழட்டினது, கால் மணின்னு பீத்தினது, பனை ஓலை அசைஞ்சதைப் பார்த்தும் வாயை மூடிகினு நின்னது. "காத்து மேல பழி இல்லக்கா. நாந்தான். எல்லார் எதிர்லயும் சொன்ன சொல்ல மாத்த ரோசமா இருந்துச்சு, அதான்."

பொம்பளைங்க ஒண்ணும் புரியாம அவனைப் பார்த்தாங்க. பொன்னியம்மாவுக்கும் கூடு, காத்தெல்லாம் எவ்ளோ புரிஞ்சுதோ தெரியாது. அவ திட்டுவான்னு நின்னான். சாம்பாருக்கு அந்தப் பிடி பிடிச்சவ இதுக்கு ஒரு வார்த்தை திட்டலை. பாய்ல திரும்பவும் குந்தினா.

"எனக்கு நெனப்பே இல்ல வேம்புலி. அன்னிக்கு எப்டி கூப்டேன்னு தெரியல. நான் தனியா கூப்டுப் பாத்தேன், அது மாதிரி வரல. நீ கிட்டக்க தானே நின்னே? மெஷின் போனா போவுது. நீ சொல்லு. எப்டி கூப்டேன்?"

வேம்புலி எட்டடியில நின்னு கேட்டவன். பூந்தமல்லிக் கொட்டகையில நாலு நாள் தொடர்ந்து போய் அந்தக் காட்சியைப் பார்த்தவனும் அவன்தான். கண்ணை மூடி நினைச்சுப் பார்த்தான். மண்ணை அள்ளின கை வந்துது, முகம் வந்துது. உதடு ஒட்டிப் பிரிஞ்சுது. ஆனா அவன் காதுல கேட்டது பார்வதத்தோட குரல்.